ஒரு குழு சிறியது, சிதறலும் அதிகம்: இரண்டு சராசரிகளை ஒப்பிட எத்தனை பேர் தேவை?

மகப்பேறு பிரிவில் தீசிஸ் செய்யும் ஒரு முதுநிலை மாணவியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள தாய்மார்களின் குழந்தைகள், சர்க்கரை இல்லாத தாய்மார்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக எடை கூடிப் பிறக்கின்றனவா? இரண்டு குழு, இரண்டு சராசரி. கேள்வி எளிதாகத்தான் தெரிகிறது. கைடு, "சாம்பிள் சைஸ் போட்டுக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

மாணவி புத்தகத்தைத் திறந்தால் அநேகமாக இந்தச் சூத்திரம்தான் கண்ணில் படும்:

```
n = 2 (1.96 + 0.84)² σ² / Δ²      (ஒவ்வொரு குழுவுக்கும்)
```

இதில் இருப்பது ஒரே σ, ஒரே n. இரண்டு குழுவிலும் எடை ஒரே அளவு சிதறியிருக்கும், இரண்டிலும் சம எண்ணிக்கையில் ஆள் எடுப்போம் என்று சூத்திரம் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டது. நம் மாணவிக்கு இரண்டுமே பொருந்தாது. சர்க்கரை உள்ள தாய்மார்கள் குறைவாகத்தான் வருவார்கள், மற்றவர்கள் தினமும் வருவார்கள். எடையின் சிதறலும் சமமில்லை. சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் குழந்தை பெருத்துப் பிறக்கலாம். கூடவே ரத்த அழுத்தமும் சேர்ந்தால் வளர்ச்சி குன்றிப் பிறக்கலாம். முன்கூட்டியே பிரசவம் பார்க்க வேண்டியும் வரலாம். ஆக, எண்ணிக்கையில் சிறிய குழுவே சிதறலில் பெரிய குழுவாகவும் இருக்கிறது. இந்தச் சேர்க்கைதான் கணக்கில் அதிகம் காலை வாரும்.

முதலில் மூன்று எண்கள்

கணக்குக்கு முன் மூன்று எண்கள் கையில் வேண்டும்: எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறோம் (Δ), முதல் குழுவின் திட்ட விலக்கம் (σ₁), இரண்டாம் குழுவின் திட்ட விலக்கம் (σ₂).

Δ என்பது நீங்கள் எதிர்பார்க்கும் வித்தியாசம் அல்ல. இதைவிடக் குறைந்தால் மருத்துவத்தில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று சொல்லக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கைடும் துறை மருத்துவர்களும், புள்ளியியல்காரர் அல்ல. இங்கே 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். Δ-வைப் பாதியாக்கினால் ஆள் எண்ணிக்கை நான்கு மடங்காகும் என்பதை மட்டும் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திட்ட விலக்கங்களை ஒத்த மக்களிடம் நடந்த முந்தைய ஆய்வுகளிலிருந்து எடுக்கிறோம். இரண்டு குழுவுக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். கட்டுரையில் திட்ட விலக்கம் நேரடியாக இல்லாமல், சராசரிக்கான 95% நம்பக இடைவெளி மட்டும் இருக்கலாம். உதாரணத்துக்கு, 115 குழந்தைகளின் சராசரி எடைக்கு 2790 முதல் 3010 கிராம் வரை என்று போட்டிருந்தால், இடைவெளியின் அகலம் 220. அதை 3.92-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 56 கிடைக்கும். அதை 115-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் திட்ட விலக்கம் ஏறத்தாழ 600.

இந்த 56-ஐயே திட்ட விலக்கம் என்று நினைத்துச் சூத்திரத்தில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதைக் கண்டுபிடிப்பது எளிது: குழுவுக்கு இரண்டு பேர் போதும் என்பதுபோல ஒரு விடை வந்து நிற்கும். பிறப்பு எடையின் சிதறல் நூற்றுக்கணக்கான கிராமில் இருக்கும் என்று தெரிந்தவர்கள் 56-ஐப் பார்த்ததுமே சந்தேகப்படுவார்கள்.

நம் உதாரணத்துக்கு, சர்க்கரை உள்ள குழுவுக்கு σ₁ = 600, இல்லாத குழுவுக்கு σ₂ = 450 என்று எடுத்துக்கொள்வோம். இவை கணக்கை விளக்க நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஆய்வில் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு பட்ஜெட் போடுவோம்

இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கு ஒரு திட்டப் பிழை உண்டு. அதன் வர்க்கம் இதுதான்:

```
σ₁²/n₁ + σ₂²/n₂
```

ஒவ்வொரு குழுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் நிச்சயமின்மையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சிதறல் கூடினால் பங்கு கூடும், ஆள் கூடினால் பங்கு குறையும்.

வழக்கமான 5% இருபக்கச் சோதனையும், வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் நூற்றுக்கு எண்பது முறை அதைப் பிடிக்கும் திறனும், அதாவது 80% பவரும் வேண்டுமானால், Δ இந்தத் திட்டப் பிழையைப்போல் குறைந்தது 2.8 மடங்கு இருக்க வேண்டும். 1.96-ஐயும் 0.84-ஐயும் கூட்டினால் வருவதே அந்த 2.8. 90% பவர் கேட்டால் 0.84-க்குப் பதில் 1.28, மொத்தம் 3.24.

Δ 200 கிராம் என்பதால் திட்டப் பிழை சுமார் 71.4 கிராமைத் தாண்டக் கூடாது. அதன் வர்க்கம் 5096 (2.8 என்று முழுமையாக்காமல் 2.8016 என்று வைத்துக் கணக்கிட்டது). இதுதான் நம் பட்ஜெட். 600-இன் வர்க்கம் 360000, 450-இன் வர்க்கம் 202500. ஆகவே நிறைவேற வேண்டிய நிபந்தனை ஒன்றே ஒன்று:

```
360000/n₁ + 202500/n₂ ≤ 5096
```

சாம்பிள் சைஸ் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கைடு விகிதத்தை மாற்றச் சொன்னாலும், பாதியில் ஆள் குறைந்தாலும், பதில் இதிலிருந்தே வந்துவிடும்.

விகிதத்தை எப்படி முடிவுசெய்வது?

சர்க்கரை உள்ள ஒரு தாய்க்கு, இல்லாத தாய்மார்கள் எத்தனை பேர் என்பதை k என்போம். அதாவது n₂ = k × n₁. இதை மேலே உள்ள வரியில் போட்டால்:

```
n₁ = (1.96 + 0.84)² × (σ₁² + σ₂²/k) / Δ²
```

இரண்டு குழுவும் சமம், அதாவது k = 1 என்றால் குழுவுக்கு 111 பேர், மொத்தம் 222. k = 2 என்றால் 91-உம் 182-உம், மொத்தம் 273. k = 3 என்றால் 84-உம் 252-உம். k = 4 என்றால் 81-உம் 324-உம், மொத்தம் 405. பின்னம் வந்தால் எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும்.

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனபோது கிடைப்பதற்கு அரிதான குழுவில் 20 பேர் மிச்சமானார்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் 7 பேர். மூன்றிலிருந்து நான்குக்கு வெறும் 3 பேர். அந்த மூன்று பேருக்காக மற்றக் குழுவில் 72 பேரைக் கூடுதலாகச் சேர்க்கிறோம். காரணம் பட்ஜெட் வரியிலேயே தெரிகிறது. இரண்டாம் குழுவில் எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும், குறைவது இரண்டாம் பங்கு மட்டுமே. முதல் பங்கு 360000/n₁ தனியாகவே 5096-க்குள் அடங்க வேண்டும். அதற்கு n₁ குறைந்தது 71 இருந்தாக வேண்டும். இந்தத் தரைமட்டத்துக்குக் கீழே எந்த விகிதத்தாலும் இறங்க முடியாது.

மொத்த எண்ணிக்கை மிகக் குறைவாக வேண்டும் என்றால், ஆட்களைத் திட்ட விலக்கங்களின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். இங்கே 600-க்கு 450, அதாவது 4-க்கு 3. சிதறல் கூடிய குழுவுக்கு அதிக ஆள்: 124-உம் 93-உம், மொத்தம் 217. சமமாகப் பிரித்த 222-உடன் ஒப்பிட்டால் மிச்சம் ஐந்தே பேர். சிதறல் இரண்டு மூன்று மடங்கு வேறுபடாதவரை இந்த உத்தமப் பிரிப்பால் பெரிய லாபம் கிடையாது. நம் மாணவிக்கோ இது நேரெதிர்த் திசை. எந்தக் குழு கிடைக்கவில்லையோ அதில் இன்னும் அதிகம் பேரைக் கேட்கிறது.

அதனால் விகிதத்தை முடிவுசெய்வது காலண்டர்தான். அந்த மருத்துவமனையில் ஆய்வுக்குத் தகுதியான, சர்க்கரை உள்ள தாய்மார்கள் மாதம் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைப்போம். வெளியேறுபவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் (எப்படி என்று கீழே வருகிறது) k = 1-க்கு பன்னிரண்டரை மாதம் ஆகும், k = 2-க்குப் பத்தரை மாதத்துக்குள் முடியும், k = 3-க்கு ஒன்பதரை மாதம். தரவு சேர்க்க ஒரு வருடம்தான் இருக்கிறதென்றால் k = 2 போதும். மூன்றுக்குப் போவது ஒரு மாதத்தைத்தான் மிச்சமாக்கும்; அதற்கு விலையாக எழுபது எண்பது படிவங்கள் கூடுதலாக நிரப்ப வேண்டும்.

சராசரி σ போட்டால் என்ன ஆகும்?

"இரண்டு திட்ட விலக்கங்களையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டால் பழைய சூத்திரமே போதுமே?" என்று பலர் கேட்பார்கள். இரண்டு வர்க்கங்களின் சராசரியை எடுத்து வர்க்கமூலம் கண்டால் 530 வரும். குழுக்கள் சமமாக இருந்தால் அது சரியான விடையையே தரும். விகிதம் 1-க்கு 2 ஆனதும் பிசகிவிடுகிறது: 83-உம் 166-உம் போதும் என்று சொல்லும். அந்த எண்ணிக்கையை நம் பட்ஜெட் வரியில் போட்டுப் பாருங்கள், கூட்டுத்தொகை 5557. எல்லையைத் தாண்டிவிட்டது. உண்மையான பவர் 80% அல்ல, 76 அல்லது 77%.

இதைவிட மோசமானது, ஆரோக்கியமான தாய்மார்களைப் பற்றிய கட்டுரையிலிருந்து 450-ஐ எடுத்து இரண்டு குழுவுக்கும் போட்டுவிடுவது. அப்போது 60-உம் 120-உம் என்று வரும். பவர் சுமார் 63%. வித்தியாசம் உண்மையிலேயே 200 கிராம் இருந்தாலும், மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் அதைக் காணாமல் போய்விடும்.

G*Power பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு தனித்தனிக் குழுக்களின் சராசரிகளுக்கான டி-சோதனையில் விளைவு அளவைக் கணக்கிடும் பெட்டியைத் திறந்தால், `n1 = n2` என்ற பகுதியில் மட்டும்தான் இரண்டு திட்ட விலக்கங்களைத் தனித்தனியே கேட்கும். `n1 != n2` என்ற பகுதியில் ஒரே ஒரு திட்ட விலக்கத்துக்குத்தான் இடம். முதல் பகுதியில் விளைவு அளவைக் கண்டுபிடித்துவிட்டு, வெளியே `Allocation ratio N2/N1` இடத்தில் 2 போட்டால், மேலே சொன்ன 83-க்கும் 166-க்கும் அருகில்தான் விடை வந்து நிற்கும். மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சோதனையே சிதறல் சமம் என்று நம்பித்தான் கணக்கிடுகிறது. R-இல் உள்ள `power.t.test` கட்டளைக்கும் அதே வரம்பு உண்டு.

எந்தச் சோதனை என்பதை இப்போதே எழுதுங்கள்

சாம்பிள் சைஸைச் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசியில் சாதாரண டி-சோதனையை ஓட்டினால் பட்ட பாடு வீண். அது இரண்டு குழுவின் சிதறலையும் கலந்து ஒன்றாக்கும்போது பெரிய குழுவின் சிதறலுக்கு அதிக எடை கொடுக்கிறது. நம்மிடம் பெரிய குழுவின் சிதறல்தான் சிறியது. ஆகவே திட்டப் பிழை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 91-உம் 182-உம் எடுத்து, உண்மையில் வித்தியாசமே இல்லாத நிலையிலும், நூற்றுக்கு ஐந்து முறைக்குப் பதில் ஏழு முறைக்கு மேல் "வித்தியாசம் உண்டு" என்று சொல்லிவிடும். விகிதத்தை 1-க்கு 4 ஆக்கினால் அது பத்தை நெருங்கும். சிதறல் கூடிய குழு பெரிய குழுவாக இருந்தால் இதற்கு நேர்மாறு: சோதனை அளவுக்கு மீறித் தயங்கி, பவரை இழக்கும்.

மாற்று, பி. எல். வெல்ச் 1947-இல் வெளியிட்ட சோதனை. அது சிதறல்களைக் கலப்பதில்லை. நம் பட்ஜெட் வரியில் உள்ள அதே இரண்டு பங்குகளைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. R-இல் `t.test` கட்டளை நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வெல்ச் சோதனையைத்தான் செய்யும். எஸ்.பி.எஸ்.எஸ். முடிவு அட்டவணையில் இரண்டு வரிசை வரும், `Equal variances not assumed` என்ற இரண்டாவது வரிசையைப் படிக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும், சிதறல் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையின் p மதிப்பைப் பார்த்து வரிசையைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. குழு சிறியதாக இருந்தால் சிதறல் வேறுபட்டிருந்தாலும் லெவீன் சோதனை அதைத் தவறவிடலாம். வெல்ச் என்று முன்பே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

வெல்ச் சோதனை 1.96-க்குப் பதிலாகச் சற்றுப் பெரிய டி-மதிப்பைப் பயன்படுத்துவதால், சூத்திரத்தின் விடையோடு ஒன்றிரண்டு பேரைக் கூட்ட வேண்டும். நம் கணக்கில் 91 என்பது 92 ஆகிறது, 182 என்பது 184. குழுவுக்குப் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே வரும் சிறு ஆய்வுகளில் இந்தத் திருத்தம் விகிதத்தில் பெரிதாக இருக்கும். அங்கே கையால் போட்ட விடையை நம்பாமல் கணினியில் ஒத்திகை பார்ப்பது அவசியம்:

```r
set.seed(1)
n1 <- 92; n2 <- 184
p <- replicate(10000,
  t.test(rnorm(n1, 2900, 600),
         rnorm(n2, 2700, 450))$p.value)
mean(p < 0.05)
```

பத்தாயிரம் கற்பனை ஆய்வுகளை நடத்தி, எத்தனையில் வித்தியாசம் பிடிபட்டது என்று இது எண்ணும். விடை 0.80-க்கு மிக அருகில் வர வேண்டும்; 0.79-க்கும் 0.81-க்கும் இடையில் ஆடுவது இயல்பு. 2900-ஐ 2700 ஆக்கிவிட்டு ஓட்டினால் 0.05-ஐ ஒட்டி வர வேண்டும். அதே நிலையில் `t.test` அடைப்புக்குள் `var.equal = TRUE` சேர்த்து ஓட்டிப் பாருங்கள், மேலே சொன்ன ஏழு சதவீதம் கண்ணெதிரே வந்து நிற்கும்.

வெளியேறுபவர்களும் நம்ப முடியாத σ-வும்

பத்துச் சதவீதம் பேர் வேறு மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தால், எண்ணிக்கையை 0.9-ஆல் வகுக்க வேண்டும். 1.1-ஆல் பெருக்குவது சரியல்ல. 92 என்பது 103 ஆகும், 184 என்பது 205. இழப்பு பத்துச் சதவீதமாக இருக்கும்போது சிறிய குழுவில் இரண்டு வழிக்கும் ஓர் ஆள்தான் வித்தியாசம், இருபது சதவீதமாகும்போது நாலைந்து பேர் குறைந்துவிடுவார்கள். இரண்டு குழுவிலும் ஒரே அளவு வெளியேறுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அடிக்கடி பரிசோதனைக்கு வரும் சர்க்கரைத் தாய்மார்கள் நிலைத்திருக்க, மற்றவர்கள் நழுவலாம். தனித்தனியே வகுங்கள்.

இதைவிடப் பெரிய ஐயம் σ₁-இல் இருக்கிறது. அந்த 600 வெறும் 20 குழந்தைகளிடம் எடுத்த முன்னோட்டத்திலிருந்து வந்தது என்றால், உண்மையான திட்ட விலக்கம் 456-இலிருந்து 876 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது அதன் 95% இடைவெளி. σ₁ 700 ஆக இருந்துவிட்டால், k = 2-க்கு 91 என்பது 117 ஆகிவிடும். சிறிய குழுவின் σ-தான் விடையை ஆட்டி வைக்கிறது. σ₂-ஐ 450-இலிருந்து 500 ஆக்கினால்கூட நான்கைந்து பேர்தான் கூடுவார்கள். அதனால் நேரம் இருந்தால் அதை σ₁-க்கு நல்ல மதிப்பைத் தேடச் செலவிடுங்கள். மருத்துவமனையின் பழைய பிரசவப் பதிவேட்டிலேயே நூறு இருநூறு எடைகள் கிடைக்கும். இரட்டைக் குழந்தைகளை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். ஒரே தாயின் இரு குழந்தைகளின் எடை ஒன்றையொன்று சாராதவை அல்ல.

எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் படிவத்தில் எல்லா எண்களும் இருக்க வேண்டும், படிப்பவர் தானே கணக்குப் போட்டுச் சரிபார்க்கும்படி: கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம் 200 கிராம், திட்ட விலக்கங்கள் 600, 450, அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன, 5% இருபக்கம், 80% பவர், விகிதம் 1-க்கு 2, வெல்ச் சோதனை, தேவை 92-உம் 184-உம், பத்துச் சதவீத இழப்புக்குப் பின் 103-உம் 205-உம்.

இதையெல்லாம் செய்த பிறகும் சர்க்கரை உள்ள தாய்மார்கள் எதிர்பார்த்த வேகத்தில் வராமல் போகலாம். வருடக் கடைசியில் கையில் 80 பேர்தான் நிற்பார்கள் என்று தெரிந்தால், பட்ஜெட் வரிக்குத் திரும்புங்கள். 360000-ஐ 80-ஆல் வகுத்தால் 4500. மீதமுள்ள பட்ஜெட் 596. 202500-ஐ அதால் வகுத்தால் 340. ஆக மற்றக் குழுவில் 340 பேரைச் சேர்த்தால் ஈடுகட்டிவிடலாம். 75 பேர்தான் என்றால் 685 வேண்டும். ஒரு மாணவியால் ஆகிற காரியம் அல்ல. 70 பேர் என்றால் எத்தனை பேரைச் சேர்த்தாலும் 80% பவர் கிடைக்காது. சேர்க்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்க வேண்டும், அல்லது இன்னொரு மருத்துவமனையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தைத் தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இரு குழுவின் எடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஆள் சேர்த்தால், 5% என்று படிவத்தில் எழுதிக் கொடுத்த வாக்கு செல்லாது.